பகிர்வுப் பதிவுத்தாளில் கீழ்விரி பட்டியலும் இரட்டைப் பதிவுத் தடுப்பும்

பலர் ஒரே நேரத்தில் இணையவழி திறந்து, தத்தம் பெயரையோ எண்ணையோ தாங்களே நிரப்பும் விரிதாள் பகிர்வுப் பதிவுத்தாள் எனப்படும். இத்தகைய தாளில் இருவகைப் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. ஒரே செய்தியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவது ஒன்று. ஒரே ஆளோ ஒரே பொருளோ இரண்டு இடங்களில் பதிவாவது மற்றொன்று. முதற்பிழையைக் கீழ்விரி பட்டியல் தடுக்கிறது. இரண்டாவதைத் தடுக்க ஒரு சிறு சூத்திரம் போதும். இவ்விரண்டும் விரிதாளின் ‘தரவுச் சரிபார்ப்பு’ என்னும் ஒரே வசதியின் இரு வடிவங்களாகும். கூகுள் ஷீட்ஸ் செயலியில் இவற்றை அமைக்கும் முறையும், இவை எங்கே தவறும் என்பதும், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான பதிவுத்தாள் ஒன்றைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டுத் தாள்

ஒரு பள்ளியில் 8, 9, 10 ஆகிய வகுப்புகளில் ‘அ’, ‘ஆ’ என இரண்டிரண்டு பிரிவுகள் உள்ளன எனக் கொள்வோம். கண்காட்சிக்கு 24 தலைப்புகள் முடிவாகியுள்ளன. ஒரு குழுவில் ஒரே பிரிவைச் சேர்ந்த மூவர் இருக்க வேண்டும். ஒரு தலைப்பை ஒரு குழு மட்டுமே எடுக்கலாம். ஒரு மாணவர் ஒரு குழுவில் மட்டுமே இருக்கலாம். ஆக, 72 மாணவர்களுக்கு இடம் உண்டு.

எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வெறுந்தாளைப் பகிர்ந்தால் என்ன ஆகும்? வகுப்பு என்ற பகுதியில் ஒருவர் ‘9அ’ என்றும், ஒருவர் ‘IX A’ என்றும், மற்றொருவர் ‘ஒன்பதாம் வகுப்பு அ பிரிவு’ என்றும் எழுதுவர். பிரிவை எண்ணாக நினைத்து ‘9-1’ என்று எழுதினால் விரிதாள் அதைத் தேதியாக மாற்றிக்கொள்ளும். பிறகு 9-அ பிரிவிலிருந்து எத்தனை குழுக்கள் என்று எண்ணச் சொன்னால், கணினி எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பவற்றை மட்டுமே எண்ணும், மற்றவை விடுபடும். இதைவிடப் பெரிய சிக்கல் கண்காட்சி நாளன்று தெரியவரும். இரண்டு குழுக்கள் ஒரே எரிமலை மாதிரியைச் செய்து கொண்டுவந்து நிற்கும். ஒரு மாணவரின் எண் இரண்டு குழுக்களில் இருந்ததால், இடம் கிடைக்காத வேறொரு மாணவர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

முதலில் தாளின் அமைப்பு

பெரும்பாலோர் ஒரு வரிசைக்கு ஒரு குழு என்று தாளை அமைத்து, தலைப்பைக் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வர். இங்குதான் ஒரு முட்டுக்கட்டை எழுகிறது. கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்துக்கு ஒரு சரிபார்ப்பு விதி மட்டுமே இருக்க முடியும். தலைப்புக் கட்டத்துக்குப் பட்டியல் விதியைக் கொடுத்தால், அதே கட்டத்துக்கு இரட்டைத் தடுப்பு விதியைக் கொடுக்க இயலாது; புதிய விதி பழையதை நீக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டியல் மட்டும் இருந்தால் எரிமலையை எத்தனை குழுக்கள் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

எடுக்கப்பட்ட தலைப்புகள் பட்டியலிலிருந்து தாமாக மறையும்படி செய்வது சிலர் கையாளும் வழி. இது இயலக்கூடியதே. ஆனால் ஒரு குழு ‘சூரிய அடுப்பு’ என்று தேர்ந்தெடுத்தவுடன் அச்சொல் பட்டியலிலிருந்து போய்விடுவதால், சரியாகப் பதிவான அந்தக் கட்டத்தின் மூலையிலேயே பிழையைக் குறிக்கும் சிவப்பு முக்கோணம் தோன்றும். 24 வரிசைகளிலும் சிவப்புக் குறி இருந்தால், உண்மையான பிழை எது என்று யாருக்கும் தெரியாது.

இதைவிட எளிய வழி தாளைத் திருப்பி அமைப்பதுதான். ஒரு வரிசைக்கு ஒரு தலைப்பு என்று முன்கூட்டியே 24 தலைப்புகளையும் எழுதி வைத்துவிட வேண்டும். மாணவர் தலைப்பைத் தேடிச் சென்று, அதன் எதிரே தம் குழுவின் எண்களை நிரப்புவர். தலைப்பு ஒருமுறைதான் எழுதப்பட்டுள்ளது என்பதால் அது இரட்டிப்பதற்கு வழியே இல்லை. எந்தப் பொருள் இரட்டிக்கக் கூடாதோ, அதன் முழுப்பட்டியல் முன்பே தெரியுமானால், அதை வரிசைத் தலைப்பாக வைத்துவிடுவதே நல்லது. பட்டியலிட முடியாதவற்றுக்கு மட்டும் சூத்திரம் தேவைப்படும்.

இதன்படி தாள் பின்வருமாறு அமையும். முதல் வரிசை தலைப்புகளுக்கானது. 2 முதல் 25 வரையிலான வரிசைகள் பதிவுக்கானவை.

- A – கண்காட்சித் தலைப்பு (முன்பே எழுதப்பட்டது)
- B, C, D – மூன்று உறுப்பினர்களின் சேர்க்கை எண்கள்
- E – உறுப்பினர்களின் பெயர்கள்
- F – வகுப்பும் பிரிவும் (கீழ்விரி பட்டியல்)
- G – வழிகாட்டும் ஆசிரியர் (கீழ்விரி பட்டியல்)

A நெடுவரிசையையும் முதல் வரிசையையும் பிறர் மாற்றாதபடி Data > Protect sheets and ranges வழியாகப் பூட்ட வேண்டும். அங்கே பகுதியைக் குறித்து, Set permissions அழுத்தி, Only you என்பதைத் தேர்ந்தெடுத்தால் தாளை உருவாக்கியவர் மட்டுமே அவற்றை மாற்ற முடியும்.

கீழ்விரி பட்டியல் அமைத்தல்

வகுப்புப் பட்டியலில் ஆறு சொற்களே உள்ளன. அவை மாறப்போவதும் இல்லை. எனவே அவற்றை நேரடியாக விதிக்குள்ளேயே எழுதலாம்.

1. F2 முதல் F25 வரை குறித்துக்கொண்டு, Data > Data validation திறந்து Add rule அழுத்த வேண்டும்.
2. Criteria என்ற இடத்தில் Dropdown தேர்ந்தெடுத்து, 8-அ, 8-ஆ, 9-அ, 9-ஆ, 10-அ, 10-ஆ ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.
3. Advanced options விரித்து, If the data is invalid என்பதன்கீழ் Reject the input குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.
4. Done அழுத்த வேண்டும்.

மூன்றாம் படி முதன்மையானது. அங்கே Show a warning குறிக்கப்பட்டிருந்தால், ‘IX A’ என்று எழுதினாலும் தாள் ஏற்றுக்கொண்டு, மூலையில் ஒரு சிவப்புக் குறியை மட்டும் இடும். கைப்பேசியில் அவசரமாக நிரப்பும் மாணவர் அதைக் கவனிக்கமாட்டார்.

ஆசிரியர் பட்டியல் மாறக்கூடியது. ஒருவர் விடுப்பில் செல்லலாம், புதியவர் சேரலாம். அதை விதிக்குள் எழுதாமல், அதே கோப்பில் ‘பட்டியல்’ என்ற பெயரில் இரண்டாவது தாள் ஒன்றைத் திறந்து, A2 முதல் கீழ்நோக்கி எழுத வேண்டும். பின்னர் G2 முதல் G25 வரை குறித்து, Criteria இடத்தில் Dropdown (from a range) தேர்ந்தெடுத்து, பின்வரும் பகுதியைக் கொடுக்க வேண்டும்.

```
='பட்டியல்'!$A$2:$A$15
```

இப்போது எட்டுப் பேரே இருந்தாலும் 15 வரை இடம் விட்டு வைத்தால், பிறகு பெயர் சேர்க்கும்போது விதியைத் தொட வேண்டியதில்லை. ஒரு பெயரைத் திருத்தினால் மட்டும் கவனம் தேவை. ஏற்கெனவே அப்பெயரைத் தேர்ந்தெடுத்த கட்டங்களில் பழைய பெயரே நின்று, பட்டியலில் இல்லாத சொல்லாகக் குறிக்கப்படக்கூடும். அவற்றைப் பார்த்து மாற்றிவிட வேண்டும். இந்த இரண்டாவது தாளையும் முழுவதுமாகப் பூட்டி வைப்பது நல்லது.

எதைக் கொண்டு இரட்டையைக் கண்டறிவது

பெயரைக் கொண்டு இரட்டைப் பதிவைத் தடுக்க முயல்வது பெரும்பாலும் தோல்வியில் முடியும். ‘க. செல்வி’, ‘செல்வி க’, ‘செல்வி.க’ ஆகிய மூன்றும் ஒருவரையே குறிக்கலாம். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்தாலும் அது வேறு சொல்லாகிவிடும்.

தமிழ்த் தட்டச்சில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஔவை’ என்ற பெயரை ‘ஔ’ என்னும் ஒரே எழுத்தால் தொடங்கியும் எழுதலாம். ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ‘ஒளவை’ என்றும் எழுதலாம். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்; ஆனால் ஒருங்குறியில் இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வடிவங்கள் வழக்கில் உள்ளன. மறுபுறம், ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் கொண்ட இரு மாணவர்கள் ஒரே பள்ளியில் இருக்கலாம். அப்போது பெயர்வழித் தடுப்பு, தவறேதும் செய்யாத இரண்டாம் மாணவரை வெளியே நிறுத்திவிடும்.

ஆகவே ஒருவருக்கு ஒன்றாகவும், ஒன்று ஒருவருக்கே உரியதாகவும் இருக்கும் அடையாளம் தேவை. பள்ளியில் சேர்க்கை எண் அத்தகையது. கைப்பேசி எண்ணும் தனித்தன்மை உடையதுதான். ஆனால் பகிர்வுத் தாளை அனைவரும் பார்க்கலாம். மாணவர்களின் கைப்பேசி எண்களை அதில் எழுதச் செய்வது தகாது. அன்றியும், அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டு எண்ணைக் கொடுத்தால் ஒருவருடைய பதிவு மறுக்கப்படும். பெயர்கள் E நெடுவரிசையில் மனிதர் பார்த்து ஒப்பிடுவதற்காக மட்டும் இருக்கும். அதற்கு விதி எதுவும் வேண்டாம்.

இரட்டைத் தடுப்புச் சூத்திரம்

B2 முதல் D25 வரை முழுப்பகுதியையும் ஒன்றாகக் குறித்து, Data > Data validation > Add rule சென்று, Criteria இடத்தில் Custom formula is தேர்ந்தெடுத்து இதை எழுத வேண்டும்.

```
=AND(ISNUMBER(B2), COUNTIF($B$2:$D$25, B2)=1)
```

இதிலும் Reject the input குறிக்கப்பட வேண்டும். சூத்திரத்தின் முதற்பாதி, எழுதப்பட்டது எண்தானா என்று கேட்கிறது. ‘4127 அ’ என்றோ ‘எண் 4127’ என்றோ எழுதினால் அது எண் அல்ல, மறுக்கப்படும். இரண்டாம் பாதி, இந்த எண் B முதல் D வரையுள்ள 72 கட்டங்களில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறது. இப்போது எழுதப்பட்டதும் எண்ணிக்கையில் சேரும் என்பதால், புதிய எண்ணாக இருந்தால் விடை 1 வரும். முன்பே எங்கேனும் இருந்தால் 2 வரும், பதிவு மறுக்கப்படும். மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்தே எண்ணுவதால், ஒரு குழுவில் முதல் உறுப்பினராக இருப்பவர் வேறு குழுவில் மூன்றாம் உறுப்பினராக நுழைவதும் தடுக்கப்படுகிறது.

சூத்திரத்திலுள்ள டாலர் குறிகளை விட்டுவிடுவதே இங்கு அடிக்கடி நேரும் பிழை. விதி ஒவ்வொரு கட்டத்துக்கும் நகரும்போது, டாலர் குறி உள்ள பகுதி அசையாமல் நிற்கும். குறி இல்லாதது கூடவே நகரும். ‘B2’ நகர வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு கட்டமும் தன் எண்ணையே சோதிக்க வேண்டும். ஆனால் எண்ணும் பகுதி நகரக் கூடாது. `COUNTIF(B2:D25, B2)` என்று எழுதிவிட்டால், 20ஆம் வரிசைக் கட்டம் தனக்கு மேலேயுள்ள 18 வரிசைகளைப் பார்க்காது. மேலே இருக்கும் எண்ணைக் கீழே மீண்டும் எழுதினால் தாள் ஏற்றுக்கொள்ளும். கீழே இருப்பதை மேலே எழுதினால் மறுக்கக்கூடும். எனவே ஒரு முறை மட்டும் சோதித்தால் இப்பிழை வெளிப்படாமலே போகலாம்.

பகிர்வதற்கு முன் இரு திசையிலும் சோதிக்க வேண்டும். B2 கட்டத்தில் 1111 எழுதி, D20 கட்டத்திலும் 1111 எழுதினால் மறுப்பு வர வேண்டும். இரண்டையும் அழித்துவிட்டு, முதலில் D20, பிறகு B2 என எழுதினாலும் மறுப்பு வர வேண்டும். அடுத்து C5 கட்டத்தில் ஒரு சொல்லையும், F5 கட்டத்தில் ‘IX’ என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். நான்கும் மறுக்கப்பட்டால் தாள் தயார்.

மறுக்கப்பட்டவரா தவறு செய்தவர்?

இரட்டைத் தடுப்பு எப்போதும் இரண்டாவதாக வருபவரையே நிறுத்துகிறது. முதலில் எழுதியவர் சரியாக எழுதினாரா என்று அது பார்ப்பதில்லை. 4127 என்ற எண்ணுடைய மாணவர் ‘மழைநீர் சேகரிப்பு’ வரிசையில் தம் எண்ணைத் தவறுதலாக 4172 என்று எழுதிவிட்டார் எனக் கொள்வோம். தாள் அதை ஏற்றுக்கொள்ளும். அதுவும் ஓர் எண்தான், முன்பு எங்கும் இல்லாததுதான். மறுநாள் உண்மையாகவே 4172 என்ற எண்ணுடைய மாணவி ‘சூரிய அடுப்பு’ வரிசையில் தம் எண்ணை எழுத முயன்றால், பதிவு மறுக்கப்படும். காரணம் புரியாமல் அவர் விலகிவிடக்கூடும். அல்லது ஒரு எண்ணை மாற்றி எழுதி உள்ளே நுழைந்து, மூன்றாவது மாணவர் ஒருவரின் எண்ணைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

இதனால்தான் மறுப்புடன் விளக்கமும் வர வேண்டும். விதி அமைக்கும் இடத்தில் Advanced options கீழ் Show help text for a selected cell என்பதைக் குறித்து, பின்வருவது போன்ற குறிப்பைத் தமிழில் எழுதலாம்: “சேர்க்கை எண்ணை மட்டும் எழுதுக. ஏற்கப்படாவிட்டால் அந்த எண் இத்தாளில் ஏற்கெனவே உள்ளது. தேடிப் பார்த்து, உங்களுடையது இல்லையெனில் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வேறு எண்ணை எழுத வேண்டாம்.” மாணவி Ctrl+F அழுத்தி 4172 என்று தேடினால் ‘மழைநீர் சேகரிப்பு’ வரிசை தெரியும். அங்கே E நெடுவரிசையில் வேறு பெயர் இருப்பதைக் காண்பார். பெயரையும் எழுதச் சொன்னதன் பயன் இங்கே விளங்கும். எண் கணினிக்கு, பெயர் மனிதருக்கு.

விதி தப்பும் இடங்கள்

சரிபார்ப்பு விதி கட்டத்தோடு ஒட்டியிருப்பது. வேறொரு கட்டத்தை நகலெடுத்து இங்கே ஒட்டினால், மதிப்பு மட்டுமன்றி அந்தக் கட்டத்தின் அமைப்பும் சேர்ந்து வந்து, இங்கிருந்த விதியை அழித்துவிடலாம். அதன்பின் அக்கட்டத்தில் எதை எழுதினாலும் மறுப்பு வராது. நகல் ஒட்ட நேர்ந்தால் Ctrl+Shift+V பயன்படுத்த வேண்டும். அது மதிப்பை மட்டும் ஒட்டும். கீழ்விரி பட்டியல் இருந்த கட்டத்தில் அம்புக்குறி காணாமற்போயிருந்தால், விதி அழிந்துள்ளது என்று அறியலாம். எண் கட்டங்களில் அத்தகைய அடையாளம் இல்லை.

இணையத் தொடர்பின்றித் தாளைத் திறந்து நிரப்புவோரிடமும் இச்சிக்கல் எழும். தம் கருவியில் அப்போதிருக்கும் பதிவுகளோடுதான் அவர் எழுதுவது ஒப்பிடப்படும். அதே நேரத்தில் மற்றொருவர் எழுதியது அவருக்குத் தெரியாது.

ஆகவே தடுப்போடு ஒரு கணக்குச் சரிபார்ப்பும் வேண்டும். ‘பட்டியல்’ தாளின் பூட்டிய ஒரு கட்டத்தில் இதை எழுதி வைக்கலாம். பதிவுத்தாளின் பெயர் ‘பதிவு’ எனக் கொள்ளப்பட்டுள்ளது.

```
=COUNTA('பதிவு'!$B$2:$D$25)-COUNTUNIQUE('பதிவு'!$B$2:$D$25)
```

நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து வெவ்வேறான மதிப்புகளின் எண்ணிக்கையை இது கழிக்கிறது. விடை 0 என்றால் இரட்டைப் பதிவு இல்லை. 1 வந்தால் ஒரு பதிவு மிகுதியாக உள்ளது. அது எது என்று காண, B2:D25 பகுதியைக் குறித்து, Format > Conditional formatting சென்று, Custom formula is கீழ் பின்வரும் சூத்திரத்தை எழுதி, சிவப்பு நிறம் கொடுக்க வேண்டும்.

```
=AND(B2<>"", COUNTIF($B$2:$D$25, B2)>1)
```

இரட்டையான கட்டங்கள் நிறம் மாறும். ஒட்டியதால் ஒரு கட்டத்தின் நிற விதி அழிந்திருந்தாலும், அதன் இணையான மற்ற கட்டம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

ஒருவர் மற்றொருவருடைய பதிவை அழித்து எழுதுவதை இவ்விதிகள் தடுப்பதில்லை. தாளைத் திருத்தும் உரிமை உள்ளவர் பூட்டப்படாத கட்டத்தின் விதியையே நீக்கவும் முடியும். அப்போது கைகொடுப்பது வரலாறுதான். கட்டத்தின்மீது வலச்சொடுக்கு செய்து Show edit history தேர்ந்தெடுத்தால் முன்பு அங்கே இருந்தது தெரியும். முழுத்தாளையும் பழைய நிலைக்குக் கொண்டுவர File > Version history > See version history உதவும். இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம் என்று தாளைத் திறந்துவிட்டால், கணக்கில் நுழையாமல் எழுதியவர் இன்னார் என்று வரலாற்றில் தெரியாது. ஆகவே திருத்தும் உரிமையை மின்னஞ்சல்வழி உரியவர்களுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. பதிவு முடிந்த நாளில் முழுத்தாளையும் பூட்டிவிட வேண்டும்.

எக்செல் செயலியில்

மைக்ரோசாஃப்ட் எக்செல் செயலியிலும் இவ்வசதி Data > Data Validation என்ற பெயரிலேயே உள்ளது. Allow என்ற இடத்தில் List தேர்ந்தெடுத்தால் கீழ்விரி பட்டியலும், Custom தேர்ந்தெடுத்தால் சூத்திர விதியும் அமைக்கலாம். மேலே கண்ட தடுப்புச் சூத்திரம் மாற்றமின்றிச் செல்லும். Error Alert பகுதியில் Style என்பது Stop ஆக இருந்தால்தான் பதிவு மறுக்கப்படும். எக்செல்லின் சரிபார்ப்பு, தட்டச்சு செய்வதை மட்டுமே சோதிக்கிறது, ஒட்டப்படுவதைச் சோதிப்பதில்லை. எனவே நிறக்குறி விதி அங்கே இன்னும் தேவையானது. COUNTUNIQUE என்ற செயற்கூறு எக்செல்லில் இல்லாததால், இரட்டைகளை அந்த நிறக்குறியைக் கொண்டு கண்டறியலாம்.